எட்டாம் நாள் எது?

1993ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன டி.கே. யாதவ் வழக்கு, ஒரு நிறுவனத்தின் நிலையாணையில் இருந்த ஒரே ஒரு விதியைப் பற்றியது. விடுப்பு இல்லாமலோ, விடுப்பு முடிந்த பிறகோ எட்டு நாட்களுக்கு மேல் வேலைக்கு வராத தொழிலாளி தன் வேலையின் மீதான உரிமையைத் தானாகவே இழந்துவிடுவார் என்றது அந்த விதி. நிறுவனம் அதைக் காட்டி அவர் பெயரை நீக்கிவிட்டது. தான் வேலைக்கு வந்ததாகவும், வாசலிலேயே தடுத்துவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்க விசாரணை எதுவும் நடந்திருக்கவில்லை. விதியில் 'தானாகவே' என்று எழுதியிருந்தாலும், ஒருவருடைய பிழைப்பைப் பறிப்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். பாதிச் சம்பள பாக்கியோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது.

தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதே விதி இன்றும் பல நிறுவனங்களின் கையேடுகளில் ஏறத்தாழ அதே சொற்களில் இருக்கிறது. மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஆலைகளுக்காக அதைத் தமிழாக்க வேண்டும். மரியாதையாக இருக்க வேண்டும், ஆனால் கண்டிப்பும் குறையக் கூடாது என்று மனிதவளத் துறை சொல்லி அனுப்பும். அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், விடுப்பும் ஒழுங்கு நடவடிக்கையும் பற்றிய இரண்டு அத்தியாயங்களில் என்ன நடக்கிறது என்பதை எழுதுகிறேன். ஒரு தொழிலாளி கையேட்டைத் தேடி எடுத்துப் படிப்பது பெரும்பாலும் ஏதாவது சிக்கலில் மாட்டிய பிறகுதான். அந்த நேரத்தில் அவர் புரட்டுவது இந்த இரண்டு அத்தியாயங்களைத்தான்.

தொழிலாளிக்குப் புரியும் மொழியில் விதி இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்த எதிர்பார்ப்பு. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த மொழியிலும் நிலையாணைகளை எழுதி, அவர்கள் நுழையும் வாசலருகே பலகையில் வைக்கச் சொன்னது. நிலையாணை என்பது தொழிலாளர் துறை அதிகாரி பார்த்துச் சான்றளித்த விதித்தொகுப்பு. கையேடு என்பது நிறுவனமே எழுதிக்கொள்வது. கையேடு நிலையாணைக்கு முரணாகப் போக முடியாது. அதனால் மொழிபெயர்க்க உட்காரும்போது கையேட்டோடு அந்த ஆலையின் நிலையாணைப் பிரதியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது முதல் வேலை. ஒரே தண்டனைக்கு நிலையாணைத் தமிழில் ஒரு பெயரும் கையேட்டுத் தமிழில் வேறு பெயரும் இருந்தால், பின்னால் அது வேறு தண்டனையா என்ற வாதம் எழும்.

விடுப்பு அத்தியாயத்தில் முதல் சிக்கல், ஆலைக்குள் எல்லாமே 'லீவு'தான் என்பது. ஆயுத பூஜைக்கு ஆலை மூடியிருப்பதும் லீவு, தங்கை கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்து எடுப்பதும் லீவு. கையேட்டுக்கு இவை இரண்டும் வேறு வேறு. எல்லோருக்கும் பொதுவாக ஆலை மூடும் நாள் விடுமுறை. ஒருவர் தனக்காகக் கேட்டு வாங்குவது விடுப்பு. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தேசிய விடுமுறைகளும், அவற்றோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் சம்பளத்தோடு உண்டு. இவை எவருடைய விடுப்புக் கணக்கிலும் கழியாதவை. மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் விடுமுறை என்றும் அடுத்த பக்கத்தில் அதையே விடுப்பு என்றும் எழுதினால், என் கணக்கில் ஏன் ஒரு நாள் குறைந்தது என்று சம்பள நாளில் ஒருவர் நேர அலுவலக ஜன்னலில் வந்து நிற்பார். அத்தியாயத் தொடக்கத்திலேயே இரண்டையும் ஒரு வரியில் பிரித்துச் சொல்லிவிட்டு, கடைசிவரை மாற்றாமல் கையாள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. கோவைப் பக்கத்து ஆலை ஒன்றில் ஷிப்ட் முடியும் நேரத்தில் நடக்கக்கூடிய பேச்சு இது:

“அண்ணா, நாளைக்கு வர முடியாதுங்க. பாப்பாவுக்குக் காய்ச்சலா இருக்குது.”

“சரி சரி, போய்ட்டு வா. பார்த்துக்கலாம்.”

மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் என்று விழுகிறது. அவரைப் பொறுத்தவரை அவர் 'லீவு சொல்லிவிட்டு' வந்திருக்கிறார். சூப்பர்வைசர் சொன்ன 'பார்த்துக்கலாம்' அவர் காதில் சம்மதமாக விழுந்தது. சூப்பர்வைசரோ, ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதாக மட்டும் நினைத்திருப்பார். நிர்வாகத்தின் பார்வையில் விண்ணப்பமும் இல்லை, ஒப்புதலும் இல்லை. ஆங்கில மூலம் 'முன் ஒப்புதல் பெற்றே விடுப்பு எடுக்க வேண்டும்' என்ற அளவில் நின்றுவிடும். அதை அப்படியே தமிழில் வைத்தால், சொல்லிவிட்டு வந்ததே ஒப்புதல் என்று எண்ணும் வாசகருக்கு அதில் புதிதாக எதுவும் தெரியாது. யாரிடம், எந்த வழியில், எது வந்தால் ஒப்புதல் ஆகும் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விதி அவரைச் சென்று சேரும். 'விடுப்புப் படிவத்தைச் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். துறை மேலாளர் கையெழுத்திட்ட பிறகே விடுப்பு உறுதியாகும். வாய்மொழியாகச் சொன்னதும், படிவம் கொடுத்ததும் மட்டும் ஒப்புதல் ஆகாது.' இந்த மூன்று வாக்கியங்களிலும் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தப்பிக்க இடமில்லாத அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. இந்த மேலாளர் கையெழுத்து போன்ற விவரம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் நாமாகச் சேர்க்கக் கூடாது. மனிதவளத் துறையிடம் கேட்டு, அவர்கள் எழுத்தில் உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும்.

'-லாம்' என்று முடியும் வினைகளும் இந்த அத்தியாயத்தில் தொல்லை தருபவை. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாட்கள் தற்செயல் விடுப்பு 'எடுக்கலாம்' என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எனக்குள்ள உரிமை என்று தொழிலாளி படிப்பார். மருத்துவச் சான்று 'கேட்கப்படலாம்' என்று அடுத்த விதி இருந்தால், கேட்டாலும் கேட்பார்கள், கேட்காமலும் இருப்பார்கள் என்று படிப்பார். ஆங்கிலத்தில் இரண்டிலும் ஒரே துணைவினை இருந்திருக்கும். முதல் விதியில் அது பணியாளருக்குத் தரும் அனுமதி, இரண்டாவதில் நிர்வாகத்துக்குத் தரும் அதிகாரம். அதிகாரத்தைச் சொல்லும்போது, 'மருத்துவச் சான்று கேட்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. கேட்டால் நீங்கள் தர வேண்டும்' என்று யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் போய்விடும். என் வழக்கம், முதல் வரைவு முடிந்ததும் '-லாம்' வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் உரிமையா, அனுமதியா, அதிகாரமா, வெறும் வாய்ப்பா என்று கேட்டுப் பார்ப்பது.

பெரும்பாலான கையேடுகளில் 'விடுப்பை உரிமையாகக் கோர முடியாது' என்று ஒரு பொது வாக்கியமும் இருக்கும். தற்செயல் விடுப்பு போல நிறுவனமாகத் தருவதற்கு இது பொருந்தலாம். குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்த தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் ஈட்டிய விடுப்போ சட்டம் தருவது. அதை எந்த நாளில் எடுப்பது என்பதில் நிர்வாகத்துக்குப் பேச்சு உண்டு. விடுப்பே கிடையாது என்று சொல்ல இடமில்லை. இந்த வாக்கியத்தை எந்த வேறுபாடும் இல்லாமல் நல்ல தமிழில் மாற்றித் தருவது, இல்லாத அதிகாரத்தைத் தமிழில் உண்டாக்கித் தருவதாகும். அதற்கு நான் உடன்படுவதில்லை. வரியின் ஓரத்தில் கேள்வியாக எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இனி அந்த எட்டு நாள் விதிக்கு வருவோம். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் உள்ள இவ்விதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: 'முதலில் வழங்கப்பட்ட அல்லது பின்னர் நீட்டிக்கப்பட்ட விடுப்புக் காலத்துக்கு மேல் வராதிருக்கும் தொழிலாளர், விடுப்பு முடிந்த எட்டு நாட்களுக்குள் திரும்பி வந்து, தமது திரும்ப இயலாமையை நிர்வாகம் திருப்தியுறும் வகையில் விளக்கினாலன்றி, தமது பணியின் மீதான பற்றுரிமையை இழப்பார்.'

பிழையான வாக்கியம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் ஒருவர் இதை எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்பது 'இழப்பார்' என்ற கடைசிச் சொல் மட்டும்தான். தமிழில் வினை கடைசியில் வரும். நிபந்தனைகளையெல்லாம் முன்னால் அடுக்கினால், தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அடுக்கின் நடுவே புதைந்துவிடும்.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து கோவையில் வேலை செய்யும் ஒருவர், ஊர்த் திருவிழாவுக்காக மார்ச் 3 முதல் 7 வரை விடுப்பு வாங்கிப் போகிறார். போன இடத்தில் தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போகிறது. 8ஆம் தேதி வர வேண்டியவர் வரவில்லை. அவருக்கு எட்டாம் நாள் எது? விடுப்பின் கடைசி நாளான 7ஆம் தேதியையும் சேர்த்து எண்ணினால் 14. மறுநாளிலிருந்து எண்ணினால் 15. வேலை நாட்களை மட்டும் எண்ணி, நடுவே வரும் ஒரு ஞாயிறைக் கழித்தால் 16. நம் பக்கத்தில் 'இன்னையோட சேர்த்து எட்டு நாள்' என்று எண்ணுவதும் உண்டு, 'நாளையிலிருந்து எட்டு நாள்' என்று எண்ணுவதும் உண்டு. 15ஆம் தேதி காலையில் அவர் ஆலை வாசலில் வந்து நின்றால், உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. நாள் கணக்கு வரும் ஒவ்வோர் இடத்திலும், எந்த நாளிலிருந்து, எந்த நாட்களைச் சேர்த்து என்ற இரண்டையும் மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்கியே தீர வேண்டும். 

அவர்கள் 'மறுநாளிலிருந்து, எல்லா நாட்களும் சேர்த்து' என்று பதில் சொன்னதாகக் கொண்டால், விதியை இப்படி எழுதலாம்:

'உங்களுக்கு ஒப்புதல் தந்த விடுப்பு முடிந்த மறுநாள் நீங்கள் வேலைக்கு வர வேண்டும். வர முடியாத நிலை ஏற்பட்டால், விடுப்பு முடிவதற்குள் உங்கள் துறை மேலாளரிடம் நீட்டிப்புக் கேட்க வேண்டும். நீட்டிப்பு இல்லாமல் வராதிருந்தால், விடுப்பின் கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி எட்டாம் நாளுக்குள் (ஞாயிறும் விடுமுறை நாட்களும் சேரும்) திரும்பி வந்து, வர முடியாமல் போன காரணத்தை நிர்வாகம் ஏற்கும்படி விளக்க வேண்டும். அப்படி வந்து விளக்காவிட்டால், இந்த வேலையின் மீது உங்களுக்குள்ள உரிமையை இழப்பீர்கள்.'

விளைவை நான் மழுப்பவில்லை. 'இழக்க நேரிடலாம்' என்று மென்மையாக்கினால் அது வாசகருக்குப் பொய்யான தைரியத்தைத் தரும். ஆனால் விளைவு வருவதற்கு முன் அவர் செய்ய வேண்டியவை மூன்றும் தனித்தனி வாக்கியங்களாக, நடக்கும் வரிசையிலேயே வந்துவிட்டன. சிவகங்கைக்காரர் மார்ச் 7ஆம் தேதிக்குள் போன் செய்து நீட்டிப்புக் கேட்டிருக்கலாம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் குறைகிறது. டி.கே. யாதவ் தீர்ப்புக்குப் பிறகு, விளக்கம் கேட்காமல் பெயரை நீக்க முடியாது. ஆகவே 'இந்த முடிவை எடுப்பதற்கு முன், உங்கள் விளக்கத்தைக் கேட்டு நிர்வாகம் கடிதம் அனுப்பும்' என்று இன்னொரு வாக்கியம் வேண்டும். ஆங்கிலத்தில் அது இல்லாதபோது தமிழில் மட்டும் சேர்ப்பது நியாயமானாலும் சரியாகாது. இரண்டு பிரதிகளும் இரண்டு விதிகள் ஆகிவிடும். செய்யக்கூடியது, தீர்ப்பைக் குறிப்பிட்டு மனிதவளத் துறைக்கு எழுதுவது. அவர்கள் சட்ட ஆலோசகரைக் கேட்டு ஆங்கிலத்திலும் சேர்த்தால் இரண்டிலும் வரும். நிர்வாகத்துக்கும் இது நல்லது. நீதிமன்றத்தில் நிற்காத விதியைக் கையேட்டில் வைத்திருப்பதால் அவர்களுக்கு என்ன லாபம்?

மரியாதையும் கண்டிப்பும் எங்கே இருக்கின்றன என்பதை இப்போது சொல்லலாம். தமிழில் அறிவிப்பு எழுதும்போது இரண்டு பழக்கங்கள் கையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று, 'மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற சுவரெழுத்து நடை. இன்னொன்று, 'தயவுசெய்து ஒத்துழைப்பு நல்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்ற அழைப்பிதழ் நடை. முதலாவது என்ன நடவடிக்கை, யார் எடுப்பார், எப்போது என்று எதுவும் சொல்லாமல் மிரட்டுகிறது. இரண்டாவது விதியை வேண்டுகோளாக்கிவிடுகிறது. கேட்டுக்கொண்டதை மறுக்கலாம் அல்லவா? கையேட்டில் இரண்டும் வேண்டாம். கடமைக்கு 'வேண்டும்', தடைக்கு 'கூடாது' என்ற இரண்டும் போதும். இவை மரியாதைக் குறைவான சொற்கள் அல்ல. 'நீங்கள்' என்ற விளியும், 'வேண்டும்' என்பதற்குப் பக்கத்திலேயே முடியாதபோது என்ன செய்வது என்ற வழியும் இருந்தால், மரியாதை தானாக வந்துவிடும். நிலையாணை 'தொழிலாளர்' என்று படர்க்கையில் பேசும். கையேடு 'நீங்கள்' என்று பேசலாம். ஆனால் சலுகை தரும் பக்கங்களில் 'நீங்கள்' என்று அழைத்துவிட்டு, ஒழுங்கு நடவடிக்கைப் பக்கம் வந்ததும் 'அப்பணியாளர்', 'மேற்படி நபர்' என்று விலகிப் போகும் கையேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெமோ வாங்கியவரும் அதே ஆள்தான்.

ஒழுங்கு நடவடிக்கை அத்தியாயத்தில் படிகள் இப்படிப் போகும். சிறு தவறுகளுக்கு வாய்மொழி எச்சரிக்கை, பிறகு எழுத்து எச்சரிக்கை. பெரிய புகார் என்றால் விளக்கம் கேட்கும் கடிதம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, விசாரணை அதிகாரியின் அறிக்கை, தண்டனை பற்றி இரண்டாம் முறை விளக்கம் கேட்டல், இறுதி உத்தரவு. ஆலைக்குள் இதெல்லாம் சேர்ந்து 'மெமோ, என்கொயரி, டிஸ்மிஸ்' என்ற மூன்று சொற்கள். அந்தச் சொற்களைக் கையேட்டிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. 'குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ)' என்று முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டால், காதில் கேட்டதும் கையில் வந்த காகிதமும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. விசாரணை முடியும்வரை புகார் வெறும் புகார்தான். மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்குவது இங்கேதான். 'மார்ச் 8 முதல் 15 வரை நீங்கள் அனுமதியின்றி வேண்டுமென்றே வேலைக்கு வரவில்லை. இது ஒழுங்கீனம்' என்று குறிப்பாணை எழுதினால் முடிவு முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. 'நீங்கள் அனுமதியின்றி வேண்டுமென்றே வேலைக்கு வராமல் இருந்ததாக உங்கள் மீது புகார் உள்ளது' என்றால் அது குற்றச்சாட்டாக மட்டும் நிற்கிறது. 'இருந்ததாக' என்ற அந்த முடிவே தமிழில் போதுமான காப்பு. அத்தியாயம் முழுவதும் 'குற்றவாளி', 'தவறு செய்தவர்' போன்றவற்றை விலக்கி, விசாரணை முடியும்வரை 'குற்றச்சாட்டுக்கு உள்ளான பணியாளர்' என்றே எழுத வேண்டும். முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார்கள் என்று பின்னால் ஒரு வழக்கறிஞர் வாதிடும்போது, அவர் கையில் எடுப்பது இந்தத் தமிழ்க் காகிதமாகத்தான் இருக்கும்.

'வேண்டுமென்றே' என்பதையும் கவனிக்க வேண்டும். வாக்கியம் சரளமாக வரட்டும் என்று அதை விட்டுவிடத் தோன்றும். 2012ஆம் ஆண்டில் கிருஷ்ணகாந்த் பர்மார் என்ற அரசு ஊழியரின் வழக்கில், அனுமதியில்லாமல் வராதிருந்தது மட்டும் போதாது, அது வேண்டுமென்றே செய்ததா என்றும் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தகப்பனாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும், சொல்லாமல் வேறு ஆலைக்கு வேலைக்குப் போனவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு சொல் தாங்குகிறது. அதே போல, 'வழக்கமாக' என்று மூலத்தில் இருப்பதை 'அடிக்கடி' என்று எழுதுவதும், எண்ணிக்கை சொல்லாத இடத்தில் 'மூன்று முறைக்கு மேல்' என்று நாமே போடுவதும் தண்டனையின் எல்லையை நகர்த்தும் வேலை.

'சஸ்பெண்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. விசாரணை நடக்கும்போது ஒருவரை வெளியே நிறுத்திவைப்பது ஒன்று. அது தண்டனை அல்ல. அந்தக் காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமாகி, தண்டனையாகச் சில நாட்கள் சம்பளமில்லாமல் நிறுத்துவது மற்றொன்று. மாதிரி நிலையாணைகளில் இதற்கு ஒரு தடவைக்கு நான்கு நாட்கள் என்று உச்சவரம்பு இருந்தது. கையேட்டில் இரண்டுக்கும் 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று எழுதினால், விசாரணைக்காக வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர் தனக்குத் தண்டனை கிடைத்துவிட்டதாக நினைப்பார். அதைவிட மோசம், தனக்குப் பணம் வர வேண்டும் என்பதே தெரியாமல் கடன் வாங்கப் போவார். 'விசாரணைக் காலப் பணிநிறுத்தம்', 'தண்டனைப் பணிநிறுத்தம்' என்று பிரித்து, முதலாவதை விளக்கும் அதே பத்தியிலேயே பிழைப்பூதியத்தையும் சொல்லிவிட வேண்டும். பணிநீக்கம் என்ற சொல்லை வேலையைவிட்டே அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பிழைப்பூதிய விகிதத்திலும் ஒரு கண் வேண்டும். தலைமை அலுவலகக் கையேட்டில், முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அதன் பிறகு முக்கால் பங்கு என்று மத்திய சட்டத்தின் கணக்கு இருக்கும். தமிழ்நாடு 1981ஆம் ஆண்டில் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. அதில் 180 நாட்களைத் தாண்டினால் முழுச் சம்பளம் என்ற மூன்றாவது படியும் உண்டு. தமிழ்நாட்டு ஆலைக்கான கையேட்டில் எந்தக் கணக்கு வர வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யும் விஷயம் இல்லை. ஆனால் மாநிலத்துக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு கையேட்டில் இந்த வேறுபாட்டை முதலில் பார்க்கும் கண் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். பார்த்தால் சொல்லிவிட வேண்டும்.

தொழிலாளி எழுத வேண்டிய பதில் பற்றிய பத்திக்கு நான் எப்போதும் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால், நம்மவர்கள் பலருக்கு முதலில் தோன்றுவது மன்னிப்புக் கேட்பதுதான். 'தெரியாமல் நடந்துவிட்டது, இந்த ஒருமுறை மன்னிக்கவும், இனி நடக்காது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது பணிவு. கோப்பில் போனதும் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆங்கில மூலம் 'எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்' என்பதோடு நின்றுவிடுவது வழக்கம். தமிழில், 'என்ன நடந்தது என்பதை உங்கள் தரப்பிலிருந்து எழுதுங்கள். குற்றச்சாட்டை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஆதாரம் இருந்தால் இணையுங்கள்' என்று விரித்துச் சொல்ல அனுமதி கேட்பேன். இதுவரை எந்த மனிதவள அதிகாரியும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. தெளிவான பதில் வந்தால் அவர்கள் வேலையும் எளிதாகிறது.

அதே இடத்தில் கையெழுத்து பற்றியும் ஒரு வரி வேண்டும். குறிப்பாணையில் கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து, வாங்கவே மறுப்பவர்கள் உண்டு. மறுத்தால் அது இன்னொரு புகாராக எழுதப்படும். 'உங்கள் கையெழுத்து கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே. அதில் உள்ளதை ஏற்றுக்கொண்டதற்கு அல்ல' என்ற வாக்கியம் கையேட்டிலும் இருக்க வேண்டும், கடிதத்தின் அடியிலும் அச்சாக வேண்டும். விசாரணையில் உடன் பணியாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள நிலையாணை இடம் தந்தால், அதை அடிக்குறிப்பில் தள்ளாமல் விசாரணைப் பத்தியின் தொடக்கத்திலேயே வைப்பது நல்லது.

வரைவு முடிந்த பிறகு சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிடுவது ஒன்று. எண்கள், 'வேண்டும்', '-லாம்', யார் செய்வது என்ற நான்கையும் மட்டும் பார்த்தால் போதும், நடையைப் பார்க்க வேண்டியதில்லை. மற்றது இன்னும் பயன்படுவது. ஆலையில் மெஷின் ஓட்டும் இரண்டு மூன்று பேரிடம் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்காமல் நிலைமையைச் சொல்லிக் கேட்பது. 'காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு உடம்பு சரியில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?' 'ஐந்து நாள் லீவு முடிந்தும் ஊரிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. எந்தத் தேதிக்குள் வர வேண்டும்?' புரிந்ததா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தேதியைச் சொல்லச் சொன்னால் புரியாதது உடனே தெரிந்துவிடும். மூன்று பேர் மூன்று தேதி சொன்னால், திருத்த வேண்டியது வாக்கியத்தை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், இரு மொழிப் பிரதிகளுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று ஒரு விதி பெரும்பாலும் இருக்கும். நிறுவனத்தின் தரப்பில் அதற்குக் காரணம் உண்டு. ஆனால் தமிழைப் படித்துக் கையெழுத்துப் போட்டவரை, அவர் படிக்காத பிரதியை வைத்துத் தீர்ப்பது சரியா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. குறைந்தபட்சம், அந்த விதி தமிழில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, ஆங்கிலப் பிரதியை எங்கே பார்ப்பது என்பதும் அதோடு இருக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் இன்னொன்றும் தேவைப்படுகிறது. எந்தத் தேதியிட்ட ஆங்கிலப் பதிப்பிலிருந்து இது மொழிபெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஈட்டிய விடுப்புக்குத் தகுதி பெற ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். புதிய தொகுப்பில் அது 180 நாட்கள். நிலையாணை கட்டாயமாகும் எல்லை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. விசாரணைக் காலப் பணிநிறுத்தத்தில் வைக்கப்பட்டவருக்கான விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் வந்திருக்கிறது. தலைமை அலுவலகம் ஆங்கிலக் கையேட்டைத் திருத்திவிடும். ஆலையின் அறிவிப்புப் பலகையில் 240 என்று அச்சான தமிழ்ப் பிரதி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். 200 நாட்கள் வேலை செய்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, தனக்கு விடுப்பு இல்லை என்று கேட்காமலே போய்விடுவார். திருத்தம் வந்தால் தமிழ்ப் பிரதியும் அதே நாளில் மாற வேண்டும், பழையதைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக மனிதவளத் துறையில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.